உடும்புப் பிடியும் நழுவும் பிடியும்

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். மருமகளுக்கு 24 வயது, ஒன்பதாவது வாரக் கர்ப்பம். போன வருஷம் இரண்டாம் மாதத்திலேயே ஒரு கரு கலைந்துபோனதால், இந்த முறை முதல் செக்கப்பிலேயே ‘டார்ச் டெஸ்ட்’ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட் நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ரூபெல்லா, சி.எம்.வி. எல்லாம் கவலைப்பட ஒன்றுமில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற வரியில் மட்டும் இரண்டு இடத்தில் ‘பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்து. ஐஜிஜி 142 யூனிட். ஐஜிஎம் 1.4, ஒன்றுக்கு மேல் போனால் பாசிட்டிவ்.

“பூனையை அன்னைக்கே தோட்டத்துல கொண்டுபோயி விட்டுட்டமுங்க டாக்டரம்மா. நாலு வருஷமா வீட்டோட கெடந்த பூனை” என்றார் மாமியார். மருமகள் ஒன்றும் பேசவில்லை. கருவைக் கலைத்துவிடலாமா என்று சொந்தத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மாமியார்தான் சொன்னார்.

ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் நுண்ணுயிரியல் மருத்துவராக நான் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் தப்பில்லை. அவற்றை வாசிக்கிற விதத்தில்தான் தப்பு நடக்கிறது. இந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டையே வைத்துக்கொண்டு அதை விளக்கப் பார்க்கிறேன்.

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908இல் துனிஸ் நகரில் நிக்கோல், மான்சோ என்ற இருவர் குண்டி என்கிற ஒரு கொறித்துண்ணியின் உடலில் இதைக் கண்டார்கள். பெயரின் பின்பாதி அந்தப் பிராணியிலிருந்து வந்தது. பூனைதான் இதற்கு மூல வீடு என்பது தெரியவர அறுபது வருஷம் போல ஆயிற்று. பூனையின் குடலில் பெருகி, மலத்தோடு முட்டை போன்ற நுண்ணிய உருவங்களாக வெளியே வந்து, மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கிறது. அந்த மண்ணை மேய்கிற ஆட்டின் தசையிலும் போய்த் தங்குகிறது. நமக்குள் அது வருவது சரியாக வேகாத கறி வழியாக, கழுவாத கீரை வழியாக, தோட்டத்து மண் பட்ட கை வழியாக, சில சமயம் குடிநீர் வழியாக. 2004இன் கடைசியில் கோயம்புத்தூரில் கண் மருத்துவர்களிடம் டாக்ஸோபிளாஸ்மாவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். மொத்தம் 248 பேரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை பின்னால் வெளிவந்தது. அதில் சந்தேகப்பட்டது பூனை வளர்ப்பை அல்ல, குடிநீரை.

ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தத் தொற்று வந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. கொஞ்சம் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டும், போய்விடும். ஒட்டுண்ணி ஒரேயடியாகப் போவதில்லை. தசையிலும் மூளையிலும் சிறு கூடு கட்டிக்கொண்டு ஆயுளுக்கும் தூங்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி அதற்குக் காவல் நிற்கும். நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படிப் பழைய தொற்றின் தடயம் ரத்தத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவில் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

கர்ப்பத்தில் இது பிரச்சினையாவது ஒரே ஒரு சூழலில்தான்: முதல் தொற்றே கர்ப்ப காலத்தில் வந்தால். அப்போதுதான் ஒட்டுண்ணி கொஞ்ச நாள் ரத்தத்தில் சுற்றும், நஞ்சுக்கொடியில் ஏறும், அங்கிருந்து கருவுக்குப் போகும். எந்த மாதத்தில் தொற்று வருகிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறும். 13ஆம் வாரத்தில் தாய்க்குத் தொற்று வந்தால் கருவுக்குப் போகிற வாய்ப்பு நூற்றுக்கு ஆறு போலத்தான். 36ஆம் வாரத்தில் வந்தால் எழுபதுக்கு மேல். ஆனால் முன்கூட்டிப் போனால் சேதம் பெரிது: கரு கலையலாம், தலையில் நீர் கோக்கலாம், மூளையில் சுண்ணாம்புப் படிவு விழலாம், விழித்திரையில் தழும்பு வரலாம். கடைசி மாதங்களில் போனால் பிறக்கும்போது குழந்தை பெரும்பாலும் நன்றாகவே தெரியும். கண் பாதிப்பு பின்னால் தலைகாட்டலாம்.

கருத்தரிப்பதற்குப் பல மாதம் முன்னாலேயே தொற்று வந்து போயிருந்தால்? தாயின் எதிர்ப்புச் சக்தி சாதாரணமாக இருக்கிறவரை கருவுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பழைய தொற்று அவளுக்குக் கேடயமும்கூட. ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, தொற்று இருக்கிறதா என்பதல்ல. எப்போது வந்தது என்பதுதான். பொள்ளாச்சிப் பெண்ணுக்கு அது மூன்று வருஷம் முன்பா, மூன்று வாரம் முன்பா?

இதற்கு ஐஜிஜியும் ஐஜிஎம்மும் பதில் சொல்லும் என்றுதான் பாடப்புத்தகம் படித்த எல்லோரும் நினைப்போம். இரண்டுமே ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் செய்கிற எதிர்ப்பொருள்கள். ஐஜிஎம் முதலில் வரும், தொற்றின் முதல் வாரத்திலேயே. ஐஜிஜி ஒன்றிரண்டு வாரம் கழித்து வந்து, இரண்டு மாதம் போல ஏறி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கி, ஆயுள் முழுக்க நிற்கும். இதிலிருந்து ‘ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று, ஐஜிஜி என்றால் பழைய தொற்று’ என்ற வாய்ப்பாடு வந்தது. பல நோய்களுக்கு அது ஓரளவு சரிதான். டாக்ஸோபிளாஸ்மாவுக்குச் சரிவராது.

காரணம், இந்த ஐஜிஎம் சொன்ன நேரத்தில் கிளம்பாத விருந்தாளி. சிலருக்கு மூன்று நாலு மாதத்தில் மறைந்துவிடும். பலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் குறைந்த அளவில் இருந்துகொண்டே இருக்கும். இது போக, தொற்றே இல்லாத ரத்தத்தில் வேறு ஏதோ புரதம் கிட்டில் ஒட்டிக்கொண்டு பொய் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1997இல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கையே விட்டது: ஒரே ஒரு ஐஜிஎம் கிட் சொன்னதை வைத்துக் கர்ப்பிணிக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் டாக்ஸோபிளாஸ்மாவுக்கென்றே ஒரு மேற்கோள் ஆய்வகம் இருக்கிறது. வெளி லேப்களில் ஐஜிஎம் பாசிட்டிவ் வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தை அங்கே மறுபடி அலசியபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதுத் தொற்றே இல்லை. அந்த முடிவை மருத்துவருக்கு விளக்கிச் சொன்னதால் மட்டும், தேவையில்லாத கருக்கலைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2001இல் எழுதினார்கள். அச்சத்தில் கலைக்கப்பட்ட மீதிக் கருக்களில் எத்தனை நல்ல கருக்களோ என்று நினைக்காமல் என்னால் அந்தக் கட்டுரையைப் படிக்க முடிந்ததில்லை.

பிரான்சில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே 1978 முதல் 2007 வரை கல்யாணத்துக்கு முன்பே பெண்ணுக்கு டாக்ஸோபிளாஸ்மா சோதனை இருந்தது. 1992 முதல், எதிர்ப்பொருள் இல்லாத கர்ப்பிணிக்கு மாதந்தோறும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். போன மாதம் இல்லாதது இந்த மாதம் வந்தால், தேதி கையில் இருக்கிறது. நம்மிடம் அப்படித் தொடர் சோதனை கிடையாது. எட்டாவது வாரத்திலோ பத்தாவது வாரத்திலோ எடுத்த ஒரே ஒரு குப்பி ரத்தம்தான். அந்த ஒரு குப்பியை வைத்துக்கொண்டு காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் ‘அவிடிட்டி’ சோதனை.

அவிடிட்டி என்றால் பிடிப்பின் வலு. எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று இது பார்ப்பதில்லை, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கிறது. ஒரு தொற்று வந்த புதிதில் உடல் அவசரத்தில் செய்கிற ஐஜிஜி ஒட்டுண்ணியைப் பிடிக்கும், ஆனால் நழுவும். அதற்குப் பிறகு நெறிக்கட்டிகளுக்குள் ஒரு தேர்வு நடக்கிறது. எதிர்ப்பொருளைச் செய்யும் செல்கள் பெருகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் சிறுசிறு மாற்றங்கள் விழும். மாறியதில் எது ஒட்டுண்ணியின் மேற்பரப்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறதோ அந்தச் செல் பிழைக்கும், மற்றவை மடியும். மாதக்கணக்கில் இது நடந்து முடிந்த பிறகு ரத்தத்தில் மிஞ்சுவது உடும்புப் பிடி போடுகிற ஐஜிஜி. ஆக, பிடியின் வலுவே தொற்றின் வயதுக்கு ஒரு கணக்கு. 1980களின் கடைசியில் ஹெல்சிங்கியில் கிளாஸ் ஹெட்மன் குழுவினர் இந்தக் கணக்கை முதலில் ரூபெல்லாவுக்கும், 1989இல் டாக்ஸோபிளாஸ்மாவுக்கும் போட்டுக் காட்டினார்கள்.

பிடியைச் சோதிக்க அவர்கள் எடுத்த பொருள் யூரியா. வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான். லேபுக்கு வருவது சுத்தப்படுத்தியது, அவ்வளவே. கெட்டியான யூரியாக் கரைசல், எதிர்ப்பொருளையும் ஒட்டுண்ணியின் புரதத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய இணைப்புகளைத் தளர்த்தும். நழுவும் பிடி விட்டுப்போகும்; உடும்புப் பிடி நிற்கும்.

பொள்ளாச்சிப் பெண்ணின் சீரத்தை அந்தப் பழைய லேபிலிருந்தே வரவழைத்தோம். ஐந்து நாள் குளிரில் இருந்த அதே சீரம் போதும், மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒட்டுண்ணியின் புரதம் பூசி வரும். அவள் சீரத்தை நீர்க்கவைத்து அடுத்தடுத்த இரண்டு குழிகளில் ஒரே அளவு விட்டோம். அரைமணி நேரம் கழித்துக் கழுவினோம். இப்போது இரண்டிலும் அவள் ஐஜிஜி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் குழியில் வெறும் கழுவும் திரவம், இரண்டாவதில் யூரியா. பத்து நிமிஷம். மறுபடி கழுவல். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் ஐஜிஜியில் ஒட்டிக்கொள்ளும் நொதியும், அந்த நொதி பட்டால் நிறம் மாறும் திரவமும். நீலமாக வரும், கடைசியில் ஒரு துளி அமிலம் விட்டதும் மஞ்சளாகும். எந்தக் குழியில் ஐஜிஜி அதிகம் மிஞ்சியதோ அதில் மஞ்சள் அடர்த்தி.

புதுத் தொற்று என்றால் முதல் குழி நல்ல மஞ்சளாகவும் பக்கத்துக் குழி வெளிறிப் போயும் இருக்கும். வெறுங்கண்ணுக்கே தெரியும். இவளுடைய இரண்டு குழிகளும் கிட்டத்தட்ட ஒரே நிறம். கருவியில் வைத்து அளந்ததில் முதல் குழி 1.32, யூரியா பட்ட குழி 0.91. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.69, அதாவது 69 சதவீதம். யூரியாவில் ஊறியும் பத்தில் ஏழு பங்கு பிடி விடவில்லை. நாங்கள் பயன்படுத்திய கிட்டில் 60க்கு மேல் போனால் உயர் அவிடிட்டி. 40க்குக் கீழே தாழ்வு. நடுவில் உள்ளது சொல்ல முடியாத பகுதி.

உயர் அவிடிட்டி சொல்வது ஒன்றே ஒன்று: தொற்று வந்து குறைந்தது நாலு மாதம், அதாவது 16 வாரம் ஆகிவிட்டது. இதை வைத்துக் கணக்குப் போடலாம். ஒன்பதாவது வாரம் என்று நாம் சொல்வது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. கரு உண்மையில் உண்டானது அதற்கு இரண்டு வாரம் கழித்து. ரத்தம் எடுத்த நாளில் கருவுக்கு வயது ஏழு வாரம்தான். தொற்றுக்கு வயது குறைந்தது 16 வாரம். ஆக, கரு உண்டாவதற்கு ஒன்பது வாரமாவது முன்னால் தொற்று வந்துவிட்டது. இந்த ஒன்பது வாரம் என்பது மிகக் குறைந்தபட்சக் கணக்கு. உண்மையில் ஒன்பது வருஷமாகக்கூட இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், ஒட்டுண்ணி அவள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் இந்தக் கரு இல்லவே இல்லை. அந்த 1.4 ஐஜிஎம், கிளம்ப மனமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த பழைய விருந்தாளி.

பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக வீட்டில் இருக்கும் பெரிய பூனை பெரும்பாலும் குட்டியாக வெளியே திரிந்தபோதே தொற்று வாங்கி முடித்திருக்கும். பூனை இந்த முட்டைகளை வெளியே விடுவது வாழ்நாளில் ஒருமுறை, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைக்கும்தான் வழக்கம். அப்படி விட்டாலும் ஒரு நாளாவது வெளியே கிடந்து முற்றினால்தான் தொற்றும். தோட்டத்துக்கு நாடு கடத்தப்பட்ட அந்தப் பூனை அநேகமாக நிரபராதி. மாமியாரிடம் சொன்னேன். “அப்பப் பாவம், கூட்டிட்டு வந்துறலாமுங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு மருமகள் முதல்முறையாகச் சிரித்தாள்.

இந்தச் சோதனை இவ்வளவு அழகாக வேலை செய்ததற்கு ஒரே காரணம், ரத்தம் ஒன்பதாவது வாரத்தில் எடுக்கப்பட்டதுதான். அதே 69 சதவீதம் 22ஆம் வாரத்தில் ரத்தம் கொடுத்த இன்னொரு பெண்ணுக்கு வந்தால் என்ன சொல்லும்? தொற்று வந்து 16 வாரத்துக்கு மேல் ஆகிறது என்றுதான் சொல்லும். 22இலிருந்து 16 போனால் ஆறு. ஆறாவது வாரத்துக்குப் பிறகு தொற்று வரவில்லை என்பது மட்டும் உறுதி. அதற்கு முன்னால், கரு உண்டான முதல் சில வாரங்களில் வந்ததா, கல்யாணத்துக்கு முன்பே வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே எண், இரண்டு பெண்கள், இரண்டு அர்த்தம். அதனால்தான் அவிடிட்டி எடுப்பதென்றால் முதல் மூன்று, மூன்றரை மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறோம். அது தவறிப்போனால், முதல் செக்கப்பில் எடுத்த சீரம் எங்காவது உறைபெட்டியில் இருக்கிறதா என்று தேடுவதுதான் அடுத்த வழி. பெரும்பாலும் இருக்காது, ஒரு வாரத்தில் கொட்டிவிடுகிற லேப்கள்தான் அதிகம். என் பங்குக்கு இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. அரை மில்லி சீரத்தை ஒன்பது மாதம் வைத்திருக்கப் பெரிய இடமொன்றும் வேண்டியதில்லை.

இனி எதிர்ப்பக்கம். அவிடிட்டி தாழ்வாக வந்தால்? இங்கேதான் பல மருத்துவர்களும் தடுக்கி விழுகிறார்கள். உயர் அவிடிட்டி பழைய தொற்று என்று அடித்துச் சொல்லும். தாழ்ந்த அவிடிட்டி புதுத் தொற்று என்று அடித்துச் சொல்லாது. எல்லோருடைய ஐஜிஜியும் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. சிலருக்குப் பிடி இறுக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகிறது. நடுவில் மருந்து சாப்பிட்டால் இன்னும் தாமதமாகலாம். இது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. தாழ்வாக வந்த ரிப்போர்ட்டுக்கு ‘புதிதாக இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம், விடை இன்னும் வரவில்லை’ என்பதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு.

அப்போது செய்ய வேண்டியது காத்திருந்து இரண்டாவது ரத்தம் எடுப்பது. மூன்று வாரம் கழித்து எடுத்து, பழைய சீரத்தையும் புதுச் சீரத்தையும் ஒரே நாளில், ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறுவேறு நாளில் பார்த்தால் கிட்டின் ஏற்ற இறக்கமே தொற்றின் ஏற்றம் போலத் தோன்றிவிடும். ஐஜிஜி நன்றாக ஏறியிருந்தால் தொற்று புதுசு. ஏறாமல் அப்படியே நின்றால், ஏறும் காலம் முடிந்துவிட்டது, முதல் ரத்தம் எடுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதமாவது முன்னால் வந்தது என்று பொருள். எட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தத்துக்கு இந்த விடையே பெரும்பாலும் போதும்.

காத்திருக்கும் மூன்று வாரமும் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்பைராமைசின் மாத்திரையை ஆரம்பிப்பார்கள். ஒரு கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை. அது நஞ்சுக்கொடியில் சேர்ந்து, ஒட்டுண்ணி கருவுக்குப் போகாமல் தடுக்கும் நோக்கத்தோடு தரப்படுகிறது. கருவுக்கு ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்க்க 18ஆம் வாரத்துக்கு மேல், தொற்று வந்து நாலு வாரமாவது ஆன பிறகு, பனிக்குட நீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து பி.சி.ஆர். செய்வார்கள். அதில் ஒட்டுண்ணி இருந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், ஃபோலினிக் அமிலம் என்று மருந்து மாறும், ஸ்கேன் கண்காணிப்பு நெருக்கமாகும். கருக்கலைப்பு என்ற பேச்சு, வந்தாலும், இவ்வளவு படி ஏறிய பிறகு, ஸ்கேனில் சேதம் தெரிந்தால் வரவேண்டிய பேச்சு. ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ஒற்றை வரியைப் பார்த்து முதல் நாளே அதைப் பேசுவது மருத்துவமே ஆகாது.

இன்னொரு வகை ரிப்போர்ட்டும் வரும்: ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். இதற்கு அவிடிட்டியே செய்ய முடியாது, பிடித்துப் பார்க்க ஐஜிஜி வேண்டுமே. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். உண்மையான புதுத் தொற்று என்றால் அதற்குள் ஐஜிஜி வந்துவிடும். வரவில்லை என்றால் ஐஜிஎம் பொய். ஐஜிஜி இருந்தும் ரொம்பக் குறைவாக இருந்தால் அவிடிட்டி எண்ணை நம்ப முடியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அளக்கவே அடியில் சரக்கில்லாதபோது யூரியாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இரண்டு லேபில் எடுத்த அவிடிட்டி எண்களை ஒப்பிட்டுக் குழம்பியும் சிலர் வருகிறார்கள். எங்கள் கிட்டில் 60ஐத் தாண்ட வேண்டும் என்றேன். வேறொரு வகைக் கிட்டில் 0.3ஐத் தாண்டினாலே உயர்வு. அதே 0.3ஐ எங்கள் கணக்கில் 30 சதவீதம் என்று யாராவது வாசித்துவிட்டால் தாழ்வு என்று பயந்துபோவார்கள். யூரியாவின் செறிவும், கழுவும் முறையும், குழியில் பூசிய புரதமும் கிட்டுக்குக் கிட்டு மாறுவதால் எண்ணும் மாறும். எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கிட்டின் எல்லைகள் அச்சாகாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்.

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் நெகட்டிவ் என்று வந்தவர்கள் நிம்மதியாகக் கிளம்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், கேடயம் இல்லாதவர்கள். கறியைச் சிவப்பு போக நன்றாக வேகவைக்க வேண்டும். கீரையை மண் போகக் கழுவ வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். பூனையின் மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு மேல் ஒன்றுமில்லை.

திரும்பத் திரும்பக் கருக்கலைவதற்கு டாக்ஸோபிளாஸ்மா காரணமா என்று அந்த மாமியாரும் கேட்டார். ஒரு பெண்ணுக்கு முதல் தொற்று ஒருமுறைதான் வரும். பழைய தொற்று ஒவ்வொரு கர்ப்பத்தையும் வந்து கலைத்துக்கொண்டிருப்பதில்லை. எச்.ஐ.வி. முற்றியவர்கள், உறுப்பு மாற்று செய்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்குத் தூங்குகிற ஒட்டுண்ணி விழிக்கலாம். மற்றவர்களுக்கு, கலைந்த கர்ப்பத்துக்குக் காரணம் தேடி டார்ச் டெஸ்ட் எடுப்பது தொலைத்த சாவியை வெளிச்சம் இருக்கிற இடத்தில் தேடுவது போலத்தான். நம் ஊரில் இது கணக்கில்லாமல் எழுதப்படுகிறது. ஐஜிஎம் பாசிட்டிவ் பயங்களில் பாதி, எழுதத் தேவையே இல்லாத சீட்டிலிருந்து பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் மூன்று விஷயத்தை மட்டும் செய்யுங்கள். ரத்தம் எடுத்த தேதியையும் கடைசி மாதவிலக்குத் தேதியையும் ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். அந்த இரண்டு தேதி இல்லாமல் அவிடிட்டி எண்ணுக்கு அர்த்தமில்லை. லேபுக்குப் போன் போட்டு, மிச்சச் சீரத்தைக் கொட்டிவிட வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லுங்கள். பிறகு டாக்டரிடம் அதே சீரத்தில் அவிடிட்டி பார்க்க எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை, சொந்தக்காரர் யார் என்ன சொன்னாலும், வேறு எதற்கும் நாள் குறிக்காதீர்கள்.